பின்பக்க மை ஊறிய கார்பன் பற்றுச்சீட்டுகள்: பொய் எழுத்தை எப்படிப் பிரிப்பது?

லயத்துப் பேரன் · ஞாயிறு இரவு 9.12

தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு 1973ல் தாத்தாதான் பொருளாளர். அந்த வருஷத்துப் பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று அம்மாவின் தகரப் பெட்டியில் கிடைத்தது. அசல்களைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது 50 கார்பன் பிரதிகள். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாள், நீலக் கார்பன், பாதிக்கு மேல் மங்கல்.

மங்கல் மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். தாள் கிடைக்காத காலம் என்பதால், திருவிழா முடிந்ததும் தாத்தா அதே பிரதிகளின் பின்பக்கத்தில் வீட்டுக் கடைக் கணக்கை மைப்பேனையால் எழுதியிருக்கிறார். "சீனி ½ றாத்தல், மாவு 2 றாத்தல்" என்று பக்கம் பக்கமாக. அந்த மை முன்பக்கத்தில் தெரிகிறது. சில இடத்தில் அதுதான் கார்பன் எழுத்தைவிடக் கறுப்பு. 29ஆம் சீட்டில் தொகை 2/50ஆ 7/50ஆ என்று ஒரு மணித்தியாலம் பார்த்தேன், முடிவு இல்லை.

யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பட்டியல் போட வேண்டும். போனில் படம் எடுத்தேன், சரிவரவில்லை. ஒரு நண்பரின் ஸ்கேனர் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

பண்டாரவளை பாஸ்கி · ஞாயிறு இரவு 9.40

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? போனில் ஆவணம் ஸ்கேன் பண்ணுகிற செயலி எதையாவது போட்டு, கறுப்பு வெள்ளை ஃபில்டரைத் தட்டுங்கள். நான் காணி உறுதி எல்லாம் அப்படித்தான் எடுத்தேன், பளிச்சென்று வந்தது.

லயத்துப் பேரன் · ஞாயிறு இரவு 9.58

செய்து பார்த்தேன் அண்ணே. தாத்தாவின் சீனிக் கணக்கு பளிச்சென்று வந்தது, திருவிழாக் கணக்கு காணாமல் போனது.

மலைமுகடு · ஞாயிறு இரவு 10.31

தம்பி, அந்த ஃபில்டர் ஒரு அளவுக்கு மேல் கறுப்பானதை எல்லாம் வைத்துக்கொள்ளும், மங்கலானதை வெள்ளையாக்கிவிடும். காணி உறுதிக்கு அது போதும். உங்களுக்கு வேண்டியது மங்கல், வேண்டாதது கறுப்பு. அதனால் தலைகீழாக வேலை செய்கிறது.

பழைய தாள் வேலையில் இருபது வருஷம் இருந்திருக்கிறேன். முதலில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு சீட்டை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள், பிறகு கறுப்பு பிரிஸ்டல் போர்ட் மேல் வைத்துப் பாருங்கள். கறுப்பின் மேல் வைத்ததும் பின்பக்க எழுத்து மங்கினால், அந்த மை இன்னும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது, தாள் மெல்லிசாக இருப்பதால் தெரிகிறது. கறுப்பின் மேலும் அப்படியே இருந்தால் மை நாரோடு ஊறி முன்பக்கத்துக்கே வந்துவிட்டது. ஒரே சீட்டில் இரண்டும் இருக்கும். பேனை நின்ற இடம், புள்ளி வைத்த இடம், கோடு முடிந்த இடம் இவற்றில்தான் மை ஊறியிருக்கும். மற்றவை பெரும்பாலும் தெரிகிற வகைதான்.

காரணம் ஸ்கேனர் மூடியின் வெள்ளை. வெளிச்சம் தாளைத் தாண்டிப் போய், மூடியில் பட்டுத் திரும்பி வருகிறது. வழியில் பின்பக்க மை அதை மறிக்கிறது, அந்த நிழலைத்தான் பார்க்கிறீர்கள். மூடி கறுப்பு என்றால் திரும்பி வரும் வெளிச்சம் இல்லை. தாள் கொஞ்சம் சாம்பலாக விழும், பரவாயில்லை, பிறகு வெளுக்கலாம்.

ஆகவே: கறுப்பு போர்ட் பின்னால் வைத்து, கலரில், 600 dpiயில், TIFF ஆக எடுங்கள். ஸ்கேனர் தானாக அழகுபடுத்தும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். பின்பக்கம் ஏன் என்று நாளைக்குச் சொல்கிறேன்.

சில்லறைக்கடை · திங்கள் காலை 7.05

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். எனக்கும் இதே பிரச்சினை. போன வருஷம் வாங்கின தண்ணி மோட்டரின் பில் முழுசாக வெளுத்துப் போச்சு. உத்தரவாதத்துக்குக் கேட்கிறார்கள். கறுப்பு அட்டை வைத்தால் வருமா?

மலைமுகடு · திங்கள் காலை 8.20

உங்களுடையது வழுவழுப்பான பில் என்றால் அது கார்பன் அல்ல, சூட்டில் கறுக்கும் தாள். அதில் மை என்று ஒன்று இல்லவே இல்லை. அட்டை உதவாது. தயவுசெய்து மெழுகுவர்த்தி, இஸ்திரிப்பெட்டி எதையும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், முழுக்கக் கறுத்துவிடும். அப்படியே ஸ்கேன் பண்ணி, மாறுபாட்டை ஏற்றிப் பாருங்கள். கடையிலும் ஒரு பிரதி இருக்கும், முதலில் அங்கே கேளுங்கள்.

பேரன் தம்பிக்கு: பின்பக்கப் படம் எதற்கென்றால், அதை வைத்தே முன்பக்கத்துப் பொய் எழுத்தைக் கழிக்கலாம். GIMP என்ற படம் திருத்தும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். பின்பக்கப் படத்தை இடம் வலமாகத் திருப்ப வேண்டும், நிறத்தை எதிர்மாற்ற வேண்டும், தாளின் நிறம் முழுக் கறுப்பாகும் வரை இறக்க வேண்டும். இப்போது கறுப்புப் பின்னணியில் சீனிக் கணக்கு மட்டும் வெள்ளையாக நிற்கும். 50 சீட்டுக்கும் கையால் செய்ய வேண்டாம், ImageMagick என்ற கட்டளை மென்பொருள் இருந்தால் ஒவ்வொரு பின்பக்கப் படத்துக்கும் இந்த ஒரு வரி போதும்:

```
magick pin.tif -flop -negate -level 20%,100% -blur 0x1.5 pin2.tif
```

20% என்பது என் ஊகம். உங்கள் தாள் எவ்வளவு சாம்பலோ அதற்குத் தக்கபடி மாற்றுங்கள். கடைசியில் இருக்கும் blur தேவை, ஏனென்றால் தாளுக்குள்ளால் வரும் எழுத்து எப்போதும் ஓரம் மழுங்கித்தான் தெரியும். கூர்மையான படத்தைக் கழித்தால் சுற்றிலும் ஒரு நிழல் மிஞ்சும்.

பிறகு முன்பக்கப் படத்தின் மேல் இதை ஒரு layer ஆக வைத்து, mode ஐ Addition ஆக்கி, opacity யை 30 அளவில் வையுங்கள். அச்சடித்த கட்டத்தையும் தாளின் மூலைகளையும் பார்த்துப் பொருத்துங்கள். தாள் சுருங்கி நெளிந்திருந்தால் ஒரு மூலை பொருந்தினால் மறு மூலை விலகும். முழுச் சீட்டையும் பொருத்தப் போராட வேண்டாம், தொகை இருக்கும் இடத்தை மட்டும் வெட்டிப் பொருத்துங்கள்.

பண்டாரவளை பாஸ்கி · திங்கள் மதியம் 12.44

அக்கா, இன்னும் சுலபமான வழி இருக்கே. கார்பன் இன்ஃப்ராரெட்டில் கறுப்பாகத் தெரியும், பேனை மை மறைந்துபோகும். இரவில் படம் பிடிக்கிற சிசிடிவி கமராவால் எடுத்தால் போதும். நான் பார்த்திருக்கிறேன்.

மலைமுகடு · திங்கள் மதியம் 1.30

நீங்கள் பார்த்தது உண்மைதான், அது கறுப்புக் கார்பனாக இருந்திருக்கும். அதில் இருப்பது புகைக்கரி, இன்ஃப்ராரெட்டைக் குடித்துவிடும். தம்பியிடம் இருப்பது நீலக் கார்பன். சாயத்தால் செய்த நீலம் என்றால் பேனை மையோடு சேர்ந்து அதுவும் மறையலாம். கமரா கையில் இருந்தால் ஒரு சீட்டில் பாருங்கள், நட்டமில்லை.

லயத்துப் பேரன் · புதன் இரவு 8.15

இரண்டு நாள் நல்ல மழை, கரண்டும் போய்ப் போய் வந்தது. இன்றுதான் எடுத்து முடித்தேன்.

கறுப்பு போர்ட் வைத்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. 1 முதல் 30 வரை கழித்தல்கூடச் சிலவற்றுக்குத்தான் தேவைப்பட்டது. ஒன்று கவனித்தேன்: முதல் சீட்டு நல்ல கறுப்பு, போகப்போக மங்கி, 24இல் திடீரென்று மறுபடியும் கறுப்பு. அங்கே புதுக் கார்பன் வைத்திருக்கிறார் போல.

சில பின்பக்கங்களில் கூட்டுத்தொகையைச் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார். அதற்குக் கழித்தல் தேவைப்படவில்லை. படத்தின் சிவப்பு channel ஐ மட்டும் எடுத்ததும் சிவப்பு மை தாளோடு கலந்துபோனது, நீலக் கார்பன் மட்டும் நின்றது.

ஆனால் 31 முதல் 36 வரை ஒரு விசித்திரம். கழித்த பிறகு ஆறு சீட்டும் சுத்த வெள்ளை! அச்சடித்த கட்டம் மட்டும் இருக்கிறது. ஆறையும் எழுதாமல் விட்டுவிட்டாரா?

மலைமுகடு · புதன் இரவு 8.52

கழிக்காத படத்தில் அந்த ஆறிலும் முன்பக்கம் ஏதாவது தெரிந்ததா?

லயத்துப் பேரன் · புதன் இரவு 9.03

தெரிந்தது. மங்கலாக இரண்டு எழுத்து ஒன்றின் மேல் ஒன்று. ஒன்று இடம் வலம் மாறியது. மற்றது நேராக, வாசிக்கக்கூடியதாக இருந்தது. "ஐந்து ரூபா" என்று ஒன்றில் பார்த்த ஞாபகம். இரண்டும் பின்பக்க மை என்று நினைத்துக் கழித்துவிட்டேன்.

மலைமுகடு · புதன் இரவு 9.20

பின்னாலிருந்து தெரியும் பேனை எழுத்து நேராக வராது தம்பி, கண்ணாடியில் பார்த்தது மாதிரி மாறித்தான் வரும். நேராக வாசிக்க முடிந்தது என்றால் அதுதான் உங்கள் பற்றுச்சீட்டு. அதைத்தான் கழித்துவிட்டீர்கள்.

புதுக் கார்பன் வைத்துச் சில சீட்டு எழுதிய பிறகு, அவசரத்தில் அதைப் பிரதிக்குக் கீழே, மைப்பக்கம் மேலே பார்க்க வைத்திருக்கிறார். எழுத்து பிரதியின் முதுகில் இடம் வலம் மாறிப் பதிந்திருக்கும். மெல்லிய தாள் ஆனதால் முன்னாலிருந்து பார்க்கும்போது நேராகத் தெரிகிறது. பின்பக்கப் படத்தை எடுத்துப் பாருங்கள், கடைக் கணக்குக்கு இடையில் கண்ணாடி எழுத்து நீலத்தில் இருக்க வேண்டும். அந்த ஆறுக்கும் பின்பக்கப் படத்தைத் திருப்பிப் போட்டு, அதையே முதன்மைப் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

லயத்துப் பேரன் · புதன் இரவு 9.47

இருக்கிறது! ஆறும் இருக்கிறது. 33இல் ஒரு பாட்டியின் கைநாட்டுக்குப் பக்கத்தில் "சின்னக் கங்காணி மகள்" என்றுகூட எழுதியிருக்கிறார். நல்ல வேளை, கழிக்காத படங்களை அழிக்கவில்லை.

கணக்கு வாத்தியார் · வியாழன் காலை 6.10

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன், படம் கழிக்கத் தெரியாது, ஆனால் காசு கழிக்கத் தெரியும். உங்கள் தாத்தா பொருளாளர் என்றால் புத்தகத்துக்குப் புத்தகம் மொத்தம் எழுதி வைத்திருப்பாரே? அது இருந்தால் சந்தேகச் சீட்டுகளை அதிலிருந்து பிடிக்கலாம்.

லயத்துப் பேரன் · வியாழன் இரவு 7.36

இருக்கிறது சார். அட்டையின் உள்பக்கத்தில் "மொத்தம் 412/50". உறுதியாக வாசித்த 47 சீட்டையும் கூட்டினேன், 385 ரூபா வருகிறது. மிச்சம் 27/50. சந்தேகச் சீட்டு மூன்று:

29: 2/50 அல்லது 7/50
40: 10/- அல்லது 15/-
44: 5/- அல்லது 15/-

கணக்கு வாத்தியார் · வியாழன் இரவு 8.02

எட்டு விதமாகச் சேர்க்கலாம். 27/50 வருவது இரண்டு விதத்தில்தான்: 7/50, 15, 5 அல்லது 2/50, 10, 15. இரண்டிலும் மூன்று சீட்டும் வேறுபடுகின்றன, அதுதான் அழகு. ஒன்றை நிச்சயப்படுத்தினால் மற்ற இரண்டும் தானாக வரும்.

மலைமுகடு · வியாழன் இரவு 8.40

மாஸ்டர் சொன்னது சரி, மொத்தம் பிழையில்லாமல் இருந்தால். அதைக் கூட்டியதும் மனிதர்தான். அதனால் கணக்கு சொல்வதை வைத்து சீட்டை வாசிக்காதீர்கள், சீட்டைத் தனியாக வாசித்துவிட்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

தாத்தா அசலை குமிழ்முனைப் பேனையாலோ பென்சிலாலோ அழுத்தி எழுதியிருப்பார். கார்பன் மங்கினாலும் பள்ளம் தாளில் இருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசையோடு ஒட்டினமாதிரி இடப்பக்கத்திலிருந்து அடியுங்கள். பள்ளம் என்றால் வெளிச்சம் வரும் பக்கத்து ஓரத்தில் நிழல் விழும். பின்னாலிருந்து அழுத்தியது மேடாக இருக்கும், அதன் நிழல் எதிர்ப்பக்கம் விழும். மைப்பேனை அழுத்தாமல் ஓடும், ஆகவே கடைக் கணக்கு பெரும்பாலும் பள்ளமும் விடாது, மேடும் விடாது. இந்த வெளிச்சத்தில் அது நிறமாக மட்டும் இருக்கும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பேனை அழுத்தம் ஒரு பிரதியோடு நிற்காது. 43ஐ எழுதினது 44இன் பிரதி வரைக்கும் இறங்கியிருக்கலாம். பள்ளத்தில் கார்பன் நிறம் இல்லாவிட்டால் முந்திய சீட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

லயத்துப் பேரன் · வெள்ளி இரவு 10.20

செய்தேன். 44இல் தொகைக் கட்டத்தில் 5க்கு முன்னால் 1 மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. உடனே 15 என்று எழுதப் போனேன். அக்கா சொன்ன எச்சரிக்கை ஞாபகம் வந்து 43ஐப் பார்த்தேன்: அதில் 10/-. அதே இடத்தில் 1. பிறகு 44ஐ மறுபடியும் டார்ச்சில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த 1க்கு வலப்பக்கம், 5ஓடு பாதி சேர்ந்தமாதிரி, வட்டமாக ஒரு மெல்லிய பள்ளம். 43இன் பூச்சியம்! ஆகவே 1உம் 43இனுடையதுதான். 44 என்பது 5/-.

29க்கு எழுத்தில் எழுதிய வரியைப் பார்த்தேன். முதல் எழுத்து சீனிக் கணக்கின் புள்ளி ஊறின இடத்தில் மாட்டிக்கொண்டது, அதை மீட்க முடியவில்லை. ஆனால் கடைசியில் கோட்டுக்குக் கீழே ஒரு நீண்ட சுழி இறங்குகிறது. "ழு"வின் வால் போல இருக்கிறது, "ண்டு"வாக இருந்தால் இவ்வளவு கீழே இறங்காது.

கணக்கு வாத்தியார் · சனி காலை 6.25

அப்போ முடிந்தது. 7/50, 15, 5. கூட்டினால் 27/50. சபாஷ்.

லயத்துப் பேரன் · சனி காலை 9.10

முடியவில்லை சார், 40தான் இடிக்கிறது. 15 என்றால் எழுத்தில் "பதினைந்து" என்று இருக்க வேண்டும். தாத்தா "னை"யைப் பழைய துதிக்கை போட்ட எழுத்தில்தான் எழுதுவார், மற்றச் சீட்டுகளில் தெளிவாக இருக்கிறது, அந்தத் துதிக்கை மேல்கோட்டுக்கு மேலே போகும். 40இல் அது இல்லை. வரியும் குட்டையாக இருக்கிறது, "பத்து" அளவுக்குத்தான் இடம். எண்ணில் 1க்குப் பிறகு இருப்பது ஊறின மைக்குள் போய்விட்டது, பள்ளமும் தெளிவில்லை.

பண்டாரவளை பாஸ்கி · சனி காலை 9.31

கணக்கு 15 என்று சொல்கிறதே, 15 போட்டுவிட்டுப் போங்கள். ஐந்து ரூபாவுக்கு யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

மலைமுகடு · சனி காலை 10.05

கேட்பார்கள் பாஸ்கி, கொடுத்தவர் வீட்டுக்காரர்கள். தம்பி, 40க்கு நீங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள்: "பத்து என்று தெரிகிறது, எண் தெளிவில்லை". பக்கத்துப் பத்தியில் "மொத்தப்படி 15" என்று தனியாக வையுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம். 40 பத்துதான் என்றால் மற்ற 49இல் ஒன்று ஐந்து ரூபா குறைவாக வாசிக்கப்பட்டிருக்கும், அல்லது அட்டையில் இருக்கும் மொத்தத்தில் பிழை. கண்ணாடி எழுத்தாக இருந்த அந்த ஆறையும் இன்னொருவரிடம் கொடுத்து, உங்கள் பட்டியலைக் காட்டாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அங்கேதான் கை தவறியிருக்க வாய்ப்பு அதிகம்.

லயத்துப் பேரன் · ஞாயிறு இரவு 8.48

தங்கச்சி வாசித்தாள். ஆறில் ஐந்து என்னுடையதோடு ஒத்துப்போகிறது. 35இல் நான் 2/- என்று போட்டதை அவள் 7/- என்கிறாள். எழுத்து வரியில் அவள் "ஏழு" என்கிறாள், எனக்கு இன்னும் "இரண்டு" என்றுதான் படுகிறது. ஏழு என்றால் 5 ரூபா கூடும், 40 பத்தாகவே இருக்கலாம். நாளை வெயில் வந்தால் சீட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்.

சில்லறைக்கடை · ஞாயிறு இரவு 9.15

கடையில் பிரதி இருந்தது, மோட்டரை மாற்றிக் கொடுத்தார்கள். அந்தச் சீனிக் கணக்கையும் தட்டெழுதிப் போடுங்கள் தம்பி, அந்தக் காலத்தில் அரை றாத்தல் சீனி என்ன விலை என்று பார்க்க ஆசையாக இருக்கு.